பிள்ளை பிறந்து ஐந்து மாதம், பங்கசு மருந்து மூன்று தரம், வலி மட்டும் போகவில்லை

5 பெப்ரவரி 2023, இரவு 11.40 | வெள்ளவத்தைக்காரி

எனக்கு 31 வயது. முதல் பிள்ளைக்கு ஐந்து மாதம். சுகப் பிரசவம், கீழே வெட்டித் தையல் போட்டார்கள். மூன்று மாதம் முடிந்த பிறகுதான் கணவரோடு சேர முயன்றேன். வாசலிலேயே எரிவு. பச்சைப் புண்ணில் தேசிக்காய்ப் புளி பட்டது மாதிரி. உள்ளே போக முதலே கத்திவிட்டேன். அடுத்தடுத்த தடவைகளும் அப்படித்தான். போன மாதத்திலிருந்து அவர் பக்கத்தில் வந்து படுத்தாலே தொடை இறுகுகிறது.

குடும்ப டொக்டர் "பங்கசு" என்று உள்ளே வைக்கிற குளிசை ஆறு இரவுக்குத் தந்தார். போகவில்லை. மறுபடி தந்தார். மூன்றாம் தரம் நானே பாமசியில் கேட்டு வாங்கி வைத்தேன். இப்போது எரிவு கூடித்தான் இருக்கிறது.

மாமி சொல்கிறா: "தையல் போட்ட உடம்பு பிள்ளை, ஆறு மாசம் நோகத்தான் செய்யும். நாங்களெல்லாம் பொறுத்தனாங்கள்தானே." ஆறு மாதம் பொறுத்தால் தானாகப் போகுமா? யாருக்காவது அப்படிப் போனதா?

5 பெப்ரவரி, இரவு 11.58 | வெள்ளவத்தைக்காரி

எழுத விட்டது: தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். மாதவிடாய் இன்னும் வரவில்லை. கருத்தடைக்கு ஆணுறை.

6 பெப்ரவரி, காலை | கொட்டாஞ்சேனைக்காரி

தங்கச்சி, பயம்தான் காரணம். எனக்கும் மூத்தவன் பிறந்த பிறகு இப்படித்தான். மனதில் பயம் இருந்தால் உடம்பு இறுகும், இறுகினால் நோகும். தேங்காய் எண்ணெய் கொஞ்சம் தடவிக்கொண்டு, மனதை லேசாக்கிக்கொண்டு முயன்று பாருங்கோ. எனக்கு இரண்டு மாதத்தில் சரிவந்தது. டொக்டரிடம் போய்க் காசைக் கொட்ட வேண்டாம்.

6 பெப்ரவரி, மாலை | மிட்வைஃப் அன்ரி

நான் முப்பது வருசத்துக்கு மேல் குடும்பநல உத்தியோகத்தராக வீடு வீடாகப் போனவள், இப்போது ஓய்வு. பிள்ளை, மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கோ. நோவு வாசலிலா, ஆழத்திலா? கடி இருக்கா, தயிர்க்கட்டி மாதிரி வெள்ளை போகுதா? சலம் போகும்போது கீழே எரியுதா?

கொட்டாஞ்சேனைத் தங்கச்சி சொன்னதில் பாதி சரி. இறுகினால் நோகும், உண்மை. ஆனால் அந்தப் பிள்ளை முதல் நாளே நொந்ததால்தானே பயந்தவ? பயம் பிறகு வந்தது. முதல் நோவு எங்கேயிருந்து வந்தது என்று பார்க்காமல் பயத்தை மட்டும் போக்க ஏலாது.

இன்னொன்று. அவ ஆணுறை பாவிக்கிறா. தேங்காய் எண்ணெய், வசலின், பேபி ஒயில் எதுவும் றப்பர் ஆணுறைக்கு ஆகாது. எண்ணெய் பட்டால் றப்பர் மெலிந்து கிழியும். ஐந்து மாதப் பிள்ளையோடு இன்னொன்று தங்கினால் யார் பார்க்கிறது? தண்ணீர் அடிப்படையில் செய்த ஜெல் பாமசியில் இருக்கு, அதைக் கேளுங்கோ.

6 பெப்ரவரி, இரவு | வெள்ளவத்தைக்காரி

வாசலில்தான். உள்ளே ஆழம் எப்படி இருக்கும் என்றே தெரியாது, அவ்வளவு தூரம் போகவில்லை. கடி இல்லை. தயிர்க்கட்டி மாதிரியும் எதுவும் போகவில்லை, காய்ந்துதான் கிடக்கிறது. சலம் போகும்போது கடைசியில் எரிவு இருக்கிறது. நான் அதைத் தண்ணீர் குடிக்காததால் வந்த சூடு என்று நினைத்திருந்தேன்.

7 பெப்ரவரி, காலை | மிட்வைஃப் அன்ரி

கடியும் இல்லை, வெள்ளையும் இல்லை, காய்ந்து கிடக்கு. அப்ப பங்கசு என்று யார் பார்த்தது?

பால் கொடுக்கும் தாய்க்குச் சூலகம் தூங்கிக்கொண்டிருக்கும். பால் சுரக்க வைக்கிற ஹோர்மோன் அதைத் தூங்க வைத்திருக்கு. அதனால்தான் மாதவிடாய் வரவில்லை. சூலகம் தூங்கினால் ஈஸ்ட்ரோஜன் குறையும். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் யோனியின் உள்தோல் மெலியும், ஈரம் வற்றும், கொஞ்சம் உரசினாலே கீறும். ஐம்பது வயசில் மாதவிடாய் நிற்கிற பொம்பிளைக்கு வருகிற அதே வறட்சிதான், உங்களுக்கு முப்பத்தொன்றில் பால் கொடுக்கிற காலத்துக்கு மட்டும் வந்திருக்கு. அந்த மெல்லிய தோலில் மருந்துக் குளிசையை மூன்று தரம் வைத்தால் எரியாமல் என்ன செய்யும்.

இது என் ஊகம்தான். கண்ணால் பாராமல் முடிவு சொல்ல மாட்டேன். தையல் போட்ட இடத்தையும் ஒருத்தர் பார்க்க வேணும். மாமி சொன்ன ஆறு மாதக் கணக்கு எங்கேயிருந்து வந்ததென்று எனக்குத் தெரியாது. மேல்தோல் இரண்டு மூன்று கிழமையில் ஒட்டிவிடும். மூன்று மாதம் தாண்டியும் தொட்டால் துடிக்கிற தையலைக் காட்டத்தான் வேணும். பால் நிற்பாட்டச் சொல்கிறேன் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதேங்கோ, அதற்குத் தேவையில்லை.

7 பெப்ரவரி, இரவு | வத்தளைக்காரன்

எனக்கும் இதே பிரச்சினைதான், கேட்க வெட்கமாக இருக்கிறது. மனைவிக்குப் பிள்ளை பிறந்து ஏழு மாதம். கிட்டே போனாலே தள்ளிப் படுக்கிறா. "நோகுது" என்கிறா. என்னில் விருப்பம் விட்டுப்போச்சோ என்று நினைக்கிறேன். விருப்பம் வர ஏதாவது மருந்து இருக்கிறதா?

7 பெப்ரவரி, இரவு | வெள்ளவத்தைக்காரி

அண்ணா, நான் கேட்டது விருப்பத்தைப் பற்றி இல்லை, வலியைப் பற்றி. உங்கள் மனைவி "நோகுது" என்று சொன்னால் நோகுது என்றுதான் அர்த்தம். எனக்கு விருப்பம் இருக்கிறது. விருப்பம் இருந்தும் உடம்பு விடாதபோது எவ்வளவு அழுகை வரும் தெரியுமா? ஒரு இரவு என் கணவர் "சரி, இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பல்கனியில் போய் நின்றார். அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். இன்னொரு தரம் முயன்றால் பழகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதேங்கோ. ஒவ்வொரு வலியும் அடுத்ததற்குத் தசையை இறுக்கப் பழக்குகிறது, அதை நான் என் உடம்பில் பார்க்கிறேன். மனைவியிடம் எங்கே நோகுது என்று கேளுங்கோ, கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோ.

9 பெப்ரவரி | தெமட்டகொடை சகோதரி

எனக்கு வாசலில் ஒன்றும் இல்லை. உள்ளே ஆழத்தில் இடிக்கிற மாதிரி நோகும், அதுவும் எல்லா நாளும் இல்லை, மாதவிடாய்க்கு முந்தின கிழமை மோசம். கலியாணம் முடித்து நாலு வருசம், பிள்ளை இல்லை. வயிற்றுக்கு மேலால் ஸ்கேன் எடுத்து ஒன்றுமில்லை என்றார்கள். எனக்கும் இந்த ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருக்குமா? ஜெல் போட்டால் போகுமா?

9 பெப்ரவரி, மாலை | மிட்வைஃப் அன்ரி

இல்லை மகள், உங்களுடையது வேறு கதை. ஜெல்லுக்குக் கேட்காது. வாசல் நோவுக்குத் தோல், தையல், வறட்சி, வாசல் தசை என்று தேடுவார்கள். ஆழ நோவுக்குக் கர்ப்பப்பைக்குப் பின்னால், சூலகத்தில் தேடுவார்கள். மாதவிடாய் நாளில் மலம் கழிக்கும்போது நோகுதா? சின்ன வயசிலிருந்தே மாதவிடாய் நோவு கடுமையா? இரண்டுக்கும் ஆம் என்றால் வி.ஓ.ஜி. என்கிற பெண்நோய் விசேட டொக்டர் ஒருவரிடம் போய், ஆழ நோவு, மாதவிடாய் நாளில் மல நோவு, நாலு வருசமாகப் பிள்ளையில்லை, இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கோ. கர்ப்பப்பைக்குள்ளே இருக்க வேண்டிய சவ்வு வெளியே வளர்கிற எண்டோமெட்ரியோசிஸா என்று அவர் பார்ப்பார். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றதை முடிவாக எடுக்க வேண்டாம். அந்த வருத்தம் ஸ்கேனில் தெரியாமலும் இருக்கும்.

9 பெப்ரவரி, இரவு | தெமட்டகொடை சகோதரி

இரண்டும் ஆம். மலம் விஷயத்தை இவ்வளவு நாளும் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்குமென்று நினைக்கவே இல்லை.

14 பெப்ரவரி | வெள்ளவத்தைக்காரி

இன்றைக்கு ஒரு வி.ஓ.ஜி.யை சனல் பண்ணினேன், பெண் டொக்டர். பெயர் கேட்டு எழுதாதேங்கோ. பெண் டொக்டர்தான் வேண்டும் என்று எடுக்கும்போதே சொன்னால் ஒழுங்கு செய்கிறார்கள்.

கதவைத் திறக்க முதல் இரண்டு தரம் திரும்பிப் போகப் பார்த்தேன். உள்ளே போனதும் அவ கேட்ட முதல் கேள்வி, "எங்கே நோகுது, விரலால் காட்டுங்கோ." எனக்குக் காட்டத் தெரியவில்லை. "கீழே" என்றேன். பிறகு அவ பஞ்சுக் குச்சி ஒன்றை நனைத்து வாசலைச் சுற்றி, மணிக்கூட்டு முள் மாதிரி ஒவ்வோர் இடமாகத் தொட்டா. தொடும்போதே "பத்தில் எத்தனை?" என்று கேட்டா. மேலே இரண்டு, பக்கங்களில் நாலு. கீழே என் வலப்பக்கம் சரிந்த ஓர் இடத்தில் தொட்டதும் மேசையிலிருந்து எழும்பிவிட்டேன். ஒன்பது என்றேன். அதுதான் தையல் போட்ட கோட்டின் மேல் நுனி. கண்ணாடியைத் தந்து காட்டினா: பயற்றம்பருப்பு அளவில் தடித்த ஒரு முடிச்சு. சுற்றியிருக்கும் தோல் வெளிறி மினுங்கியது. நான் அந்த இடத்தை வாழ்க்கையில் முதல் தரம் பார்க்கிறேன்.

பங்கசுக்கென்று சுவாப் எடுத்து அனுப்பினா, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றா. ஒரு விரல் மட்டும் மெதுவாக வைத்துப் பார்த்தா. "தசை கயிறு மாதிரி இறுகி இருக்கு, மூச்சை விடுங்கோ" என்றா. விட முடியவில்லை. எப்படி விடுவது என்றே தெரியவில்லை.

14 பெப்ரவரி, கொஞ்சம் பிறகு | வெள்ளவத்தைக்காரி

பிள்ளை அழுதான், விட்டுப் போனேன். மிச்சம்.

டொக்டர் சொன்னது: ஒன்றில்லை, மூன்று. பால் கொடுப்பதால் தோல் வறண்டு மெலிந்திருக்கிறது. தையல் நுனியில் தழும்பு முடிச்சு இருக்கிறது. இரண்டும் சேர்ந்து நோவைத் தந்து தந்து, மூன்றாவதாகத் தசை தானாக இறுகப் பழகிவிட்டது. "ஒன்றை மட்டும் பார்த்தால் மற்ற இரண்டும் திரும்பக் கொண்டுவரும்" என்றா.

ஈஸ்ட்ரோஜன் கிறீம் எழுதித் தந்தா. அரைக் கிராம், இரண்டு கிழமைக்கு ஒவ்வோர் இரவும், பிறகு கிழமைக்கு இரண்டு இரவு. பாலுக்குப் போகுமா என்று கேட்டேன். இந்த அளவில் இரத்தத்துக்குப் போவது மிகக் கொஞ்சம், பால் குறைவதுபோல் தெரிந்தால் சொல்லுங்கோ என்றா. தழும்பைத் தடவச் சொல்லித் தந்தா. பங்கசுக் குளிசையும், வாசனை போட்ட கீழ்க் கழுவும் திரவமும் உடனே நிற்பாட்டு, வெறும் தண்ணீர் காணும் என்றா. அந்தத் திரவத்தை நான் பிள்ளை பிறந்த நாளிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு தரம் பாவித்திருக்கிறேன், சுத்தம் என்று நினைத்து.

காலி வீதியில் மூன்று பாமசி ஏறி இறங்கினேன். பம்பலப்பிட்டியில்தான் கிறீம் கிடைத்தது.

15 பெப்ரவரி | கொட்டாஞ்சேனைக்காரி

ஹோர்மோன் கிறீமா? பிள்ளைக்குப் பால் கொடுக்கிற உடம்பில்? எனக்குப் பயமாக இருக்கு. ஊசி போட்ட எத்தனை பேர் ஊதிப்போனார்கள்.

15 பெப்ரவரி | மிட்வைஃப் அன்ரி

கருத்தடை ஊசி வேறு, இது வேறு. ஊசி முழு உடம்பிலும் ஓடுகிறது. இது தடவின இடத்துத் தோலோடு பெரும்பாலும் நிற்கிறது. ஆனால் யாரும் யாருடைய கிறீமையும் கேட்டு வாங்கிப் பூசாதேங்கோ. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களும், ஏனென்று தெரியாமல் இரத்தம் போகிறவர்களும் டொக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. சேரும் நேரத்தில் வழுக்குவதற்கென்றும் இதைப் பாவிக்கக் கூடாது. அதற்கு ஜெல்தான்.

2 மார்ச் | வெள்ளவத்தைக்காரி

பதினாறு நாள். சலம் போகும்போது இருந்த எரிவு பத்தாம் நாளளவில் நின்றது. அதுதான் முதலில் போனது. சுவாப் முடிவும் வந்தது: பங்கசு இல்லை. மூன்று தரம் மருந்து வைத்தது எதற்கென்று இப்போது கேட்டு என்ன. முதல் தரமே ஒரு சுவாப் எடுத்திருந்தால் இரண்டு மாதம் மிச்சம்.

தழும்பு தடவுவது எப்படி என்று உள்பெட்டியில் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். குளித்த பிறகு, இளஞ்சூட்டில் தோல் இளகியிருக்கும்போது செய்கிறேன். கை கழுவி, நகம் வெட்டி. பெருவிரலை வாசலுக்குள் முதல் மூட்டளவு வைத்து, சுட்டுவிரலை வெளியே வைத்து, முடிச்சை இரண்டுக்கும் நடுவில் பிடிக்கிறேன். கீழ்நோக்கி மெதுவாக அமத்தி, இழுபடுகிற உணர்வு வந்ததும் நிறுத்தி அரை நிமிடம் அப்படியே வைத்திருக்கிறேன். பிறகு சின்ன வட்டமாக உருட்டுகிறேன். மொத்தம் ஐந்து நிமிடம். இழுபடலாம், குத்தக் கூடாது. குத்தினால் அமத்துவது கூடிவிட்டது என்று அர்த்தம். தோல் முழுதாக ஒட்டின பிறகுதான், ஆறு கிழமைக்கு முதல் யாரும் தொட வேண்டாம் என்று டொக்டர் சொன்னவ. சிலருக்குத் தையல் இடத்தில் சிவந்த சதை பொங்கி, தொட்டால் இரத்தம் கசியும். அதைத் தடவக் கூடாது, டொக்டர் மருந்து தொட்டுக் கருக்கிவிட வேணும்.

எண்ணெய்க்கு நான் தேங்காய் எண்ணெய் பாவிக்கிறேன். கொட்டாஞ்சேனை அக்கா, உங்கள் எண்ணெய் இங்கே உதவுகிறது. சேரும்போது மட்டும்தான் கூடாது.

3 மார்ச் | வெள்ளவத்தைக்காரி

கீழ்த் தசையைச் சுருக்கிச் சுருக்கி விடும் அப்பியாசமும் ஒரு நாளைக்கு நூறு தரம் செய்கிறேன். பிள்ளை பிறந்தவர்களுக்கு அதுதான் நல்லது என்று வீடியோவில் பார்த்தேன். யாருக்கும் தேவையென்றால் இணைப்புத் தருகிறேன்.

3 மார்ச், உடனே | மிட்வைஃப் அன்ரி

நிற்பாட்டுங்கோ! உங்கள் தசை ஏற்கெனவே கயிறு மாதிரி இறுகியிருக்கு என்று டொக்டர் சொன்னது மறந்துபோச்சா? அந்த அப்பியாசம் தளர்ந்த தசைக்கு. இருமினால் சலம் சிந்துகிறவர்களுக்கு. உங்களுக்கு முதலில் விடப் பழக வேணும், சுருக்க அல்ல.

5 மார்ச் | வெள்ளவத்தைக்காரி

3ஆம் தேதி எழுதினதை யாரும் பின்பற்ற வேண்டாம். அந்தக் கிழமை எனக்கு நோவு கூடினது உண்மை. நான் தழும்பு தடவியதால் என்று நினைத்திருந்தேன்.

பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் டொக்டர் அனுப்பினா. அவ செய்ய வைத்தது: மல்லாந்து படுத்து முழங்கால் மடித்து, ஒரு கை வயிற்றில். மூச்சு உள்ளே போகும்போது வயிறு எழும்ப வேணும், அதோடு கீழ்த் தசை பூ விரிகிற மாதிரி கீழிறங்கும். மலம் கழிக்க முக்காமல் விடும்போது என்ன செய்வோமோ அந்த உணர்வு. நான் இவ்வளவு காலமும் நெஞ்சால் மட்டும் மூச்சு விட்டிருக்கிறேன். தாடையைக் கடித்துக்கொண்டிருந்தால் கீழேயும் இறுகுமாம், தாடையை விடச் சொன்னா. சோதித்துப் பார்த்தேன், உண்மைதான்.

மூச்சு பழகின பிறகு சொந்த விரல் ஒன்று, ஜெல்லோடு, உள்ளே வைத்து ஐந்து மூச்சு. நோவு பத்தில் மூன்றைத் தாண்டினால் எடுத்துவிட வேணும். சேர்வது இந்தக் காலம் முழுக்க வேண்டாம் என்றா. அதைக் கேட்டதும் என் கணவர் முகத்தில் என்னைவிட அதிக நிம்மதி. அவரும் என்னை நோகப்பண்ணுகிறேன் என்று பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். நாங்கள் இதை ஒருவரோடு ஒருவர் கதைக்கவே இல்லை.

19 மார்ச் | வத்தளைக்காரன்

எழுதினதுக்கு நன்றி. கேட்டேன். முதலில் கதைக்க மாட்டேன் என்றா, பிறகு அழுதா. அவவுக்கு சிசேரியன், கீழே வெட்டவே இல்லை. அப்படியிருந்தும் வாசலில்தான் எரியுதாம். சிசேரியனுக்கும் இப்படி வருமா?

19 மார்ச் | மிட்வைஃப் அன்ரி

வரும் தம்பி. பால் கொடுக்கிறாதானே? வறட்சிக்குப் பிள்ளை எந்த வழியால் வந்ததென்று கணக்கில்லை. ஜெல்லோடு இரண்டு மூன்று தரம் பார்த்தும் நோகுதென்றால் கூட்டிக்கொண்டு போங்கோ. சனல் பண்ண வசதியில்லாவிட்டால் உங்கள் பகுதி எம்.ஓ.எச். என்கிற அரச சுகாதார அலுவலகத்தில் மிட்வைஃபைக் கேளுங்கோ, கிளினிக் நாள் சொல்லுவா. சுகவனிதையர் கிளினிக்கும் அங்கேதான், காசில்லை. 35 வயசு, 45 வயசுப் பெண்களுக்கு கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கென்று வைத்தது என்றாலும், கதவைத் தட்டி இப்படி நோகுதென்று சொன்னால் எங்கே போக வேண்டுமென்று வழிகாட்டாமல் விட மாட்டார்கள்.

காத்திருக்கக் கூடாத நேரங்களையும் எழுதிவிடுகிறேன், இழையை நிறையப் பேர் பார்க்கிறீர்கள். காய்ச்சலோடு அடிவயிறு நொந்து, நாற்றமாக வெள்ளை போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அது உள்ளே கிருமி ஏறினதாக இருக்கலாம், விட்டால் கருக்குழாயைக் கெடுக்கும். மாதவிடாய் தள்ளிப்போய் அடிவயிற்றில் ஒரு பக்கம் திடீரென்று கடுமையாக நொந்தாலும் அன்றைக்கே. கரு குழாயில் தங்கியிருக்கலாம். மாதவிடாய் தள்ளாவிட்டாலும் அப்படி ஒரு பக்க நோவு வாந்தியோடு வந்தால் சூலகம் முறுக்கியிருக்கலாம், அதுவும் காத்திருக்காது. சேர்ந்த பிறகு இரத்தம் கண்டால், ஒரு தரமென்றாலும் கர்ப்பப்பைக் கழுத்தைக் காட்ட வேணும். மாதவிடாய் முழுதாக நின்றவருக்கு எந்த இரத்தமும் சாதாரணம் இல்லை. இதெல்லாம் இல்லாத வெறும் நோவென்றாலும் மூன்று தரம் தொடர்ந்து வந்தால் போய்க் காட்டுங்கோ.

11 ஏப்ரல் | வெள்ளவத்தைக்காரி

எட்டு கிழமை. தழும்பு முடிச்சு இருக்கிறது, ஆனால் மெதுவாகி, தொட்டால் ஒன்பது என்றது மூன்றுக்கு வந்திருக்கிறது. இரண்டு விரல் நோவில்லாமல் போகிறது. புத்தாண்டுக்கு மாமி வந்து நிற்கிறா. குசினியில் பலகாரம் சுட்டுக்கொண்டிருக்கும்போது கிறீமைக் கண்டு என்னவென்று கேட்டா. சொன்னேன். பேசாமல் முறுக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தவ, கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, "எனக்கு உன்ர புருசன் பிறந்து ரெண்டு வருசம் நொந்தது. ஆரிட்டச் சொல்லுறது எண்டு தெரியேல்ல" என்றா. பொறுத்தோம் என்று அவ சொன்னது கண்டிப்பில்லை, அவவுக்கு வேறு வழி இருக்கவில்லை. பெப்ரவரியில் நான் இங்கே எழுதினதில் அவவைப் பற்றி இருந்த கோபத்தை எடுத்துவிட நினைக்கிறேன். இழையில் திருத்த முடியவில்லை.

28 மே | வெள்ளவத்தைக்காரி

சேர்ந்தோம். ஜெல்லோடு, நான் மேலே இருந்து, எவ்வளவு ஆழம், எப்போது நிறுத்துவது என்பதை என் கையில் வைத்துக்கொண்டு. நோவு பத்தில் ஒன்று. கிறீம் இருந்தால் ஜெல் தேவையில்லை என்று இடையில் ஒரு நாள் விட்டுப் பார்த்தேன், அது பிழை. கிறீம் தோலைத் தடிக்க வைக்கிறது, அந்த நேர ஈரத்துக்கு ஜெல்தான்.

இன்னும் சில நாளில் எந்தக் காரணமும் இல்லாமல் தொடை இறுகுகிறது. பிசியோ மிஸ் இது கடைசியாகத்தான் போகும் என்கிறா. எப்போது என்று சொல்லவில்லை.

2 ஜூன் | கொட்டாஞ்சேனைக்காரி

தங்கச்சி, சந்தோசம். பயம்தான் காரணம் என்று எழுதினதை யோசித்துப் பார்த்தேன். எனக்கு இரண்டு மாதத்தில் சரிவந்தது என்றேனே, அந்த இரண்டு மாதத்தில்தான் மூத்தவனுக்குப் பால் குறைத்து மாப்பால் தொடங்கினேன், மாதவிடாயும் வந்தது. மனது லேசானதாலா, அதாலா என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

30 ஜூலை | வெள்ளவத்தைக்காரி

மகனுக்குப் பதினொரு மாதம் ஆகப்போகிறது. சோறு சாப்பிடுகிறான், பால் இரவில் மட்டும். மூன்று கிழமைக்கு முதல் மாதவிடாய் வந்தது. டொக்டர் கிறீமை நிற்பாட்டிப் பார்க்கச் சொன்னா. இதுவரை எரிவு திரும்பவில்லை.

30 ஜூலை, இரவு | தெமட்டகொடை சகோதரி

நானும் சொல்ல வேணும். உள்ளால் எடுக்கிற ஸ்கேன் செய்தார்கள். இடது சூலகத்தில் சொக்லேட் நீர்க்கட்டி என்றார்கள், பழைய இரத்தம் தேங்கினது. கமரா விட்டுப் பார்ப்பதா, முதலில் பிள்ளைக்கு முயல்வதா என்று டொக்டரும் நாங்களும் இன்னும் முடிவெடுக்கவில்லை. அடுத்த கிளினிக் வியாழக்கிழமை. மிட்வைஃப் அன்ரி, போக முதல் வேறு என்ன கேட்க வேணும் என்று எழுதி விடுங்கோ.